பர்னாந்து, கொரைரா, மச்சாது: கடற்கரைக் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி

கிருஷ்ணகிரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் வெகு தூரம். ஆனால் ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு வந்து குடியேறியவர்களில் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, கல்யாண ஓலை வாசிக்க என்று பங்கு அலுவலகத்துக்கு வருவார்கள். அங்கே எழுத்து வேலையில் கைகொடுக்கும் எனக்கு ஆரம்பத்தில் அவர்கள் பெயர்கள் பெரிய தலைவலி. எங்கள் எலத்தகிரிப் பக்கத்தில் சவரிமுத்து, இன்னாசி, அருளப்பன் என்று இருப்போம். அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். அவர்களுக்கோ பெயருக்குப் பின்னால் பர்னாந்து, கொரைரா, மச்சாது, ரோச், வாஸ் என்று ஒன்று தொங்கும். "உங்கள் தாத்தா போர்ச்சுகீசியரா?" என்று நானே ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, "எங்க தாத்தா வலை பின்னினாரு சார்" என்றார்.

அப்படிக் கேட்கிற நிலையில் இருப்பவர்களுக்கும், தங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேட நினைக்கிற கடற்கரைக் குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கும் இதை எழுதுகிறேன். முத்துக்குளித்துறை என்று சொல்லும் தூத்துக்குடிக் கரையின் பரதவர் பெயர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். கோவா, மங்களூர், கேரளம், இலங்கை எல்லாவற்றுக்கும் தனிக் கதைகள் உண்டு. அவற்றிலிருந்து பிரித்தறிய வேண்டிய அளவுக்கு மட்டும் அவை இங்கே வரும்.

முதலில் எந்தக் கரை என்று பிரியுங்கள்

ஓசூரில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் வேலை, ஏனென்றால் பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே தெருவில் ஒரு பெர்னாண்டஸ் இருப்பார், ஒரு பர்னாந்து இருப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத் தேட ஆரம்பித்தால் ஆறு மாதம் வீணாகும்.

பெயரின் வாலைப் பாருங்கள். 'ஸ்' என்று முடிகிற பெர்னாண்டஸ், ரொட்ரிகஸ் போன்றவை பெரும்பாலும் கோவா அல்லது மங்களூர் வழி. வீட்டில் கொங்கணி பேசுவார்களா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மங்களூர்க் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோரின் முன்னோர் கோவாவிலிருந்து தெற்கே இறங்கி நிலத்தில் பயிர் செய்தவர்கள். டிசோசா, பிண்டோ, லோபோ என்று பெயர் இருப்பதாலேயே அவர்களை மீனவர் என்று எழுதிவிடக் கூடாது. அந்த 'ஸ்' பெயர்களே 'ஓ' அல்லது 'உ' என்று முடிந்து பர்னாந்து, ரொட்ரிகோ என்று வந்தால் முத்துக்குளித்துறை அல்லது இலங்கை. பெரைரா என்று மூன்று எழுத்தும் அழுந்தச் சொன்னால் இந்தியக் கரை. பெரேரா என்று நீட்டினால் பெரும்பாலும் சிங்களக் கரை. நம் மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதால் மன்னார்ப் பக்கத்துக் குரூஸ், பீரிஸ் பெயர்களும் கண்ணில் படும். அவர்களுக்கும் தூத்துக்குடிக் குரூஸ்களுக்கும் பழைய உறவு இருக்கலாம், ஆனால் அவர்கள் பதிவேடு கடலுக்கு அப்பால் இருக்கிறது.

இந்த வால் கணக்கு நூற்றுக்கு நூறு பொருந்தாது. எழுதுகிறவர் கைக்கு ஒரு 'ஸ்' கூடும், குறையும். அதனால் பெயரை வைத்து ஊகித்து, சொந்த ஊரைக் கேட்டு உறுதி செய்யுங்கள். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு: பரதவரின் ஏழு கடற்றுறை என்று சொல்லப்படுபவை இவை. இவற்றில் ஒன்றின் பெயர் காதில் விழுந்தால் சரியான கரையில் நிற்கிறீர்கள்.

இரண்டாவது, தமிழ் உச்சரிப்பைக் கழற்றுங்கள்

குடும்பப் பெயர் ஐந்நூறு வருடமாகத் தமிழ் நாக்கில் புரண்டிருக்கிறது. மூலப் பெயரைக் கண்டுபிடிக்க அகராதி வாங்க வேண்டாம். உங்கள் வீட்டிலேயே பயிற்சிக்குச் சொற்கள் இருக்கின்றன. சாவி, அலமாரி, ஜன்னல், மேசை, துவாலை, பாதிரி, மேஸ்திரி, ஏலம். இவ்வளவும் போர்ச்சுகீசியம். 'பத்ரே' என்ற சொல்லில் 'த்ரே' நமக்கு வாயில் வராததால் நடுவில் ஒரு இகரம் போட்டுப் 'பாதிரி' ஆக்கினோம். 'மெஸ்த்ரெ' அதே வழியில் மேஸ்திரி ஆனது. 'லெய்லாவ்' என்பதில் முன்னால் இருந்த லகரத்தைத் தின்றுவிட்டு 'ஏலம்' என்கிறோம். தருமபுரி சந்தையில் தக்காளியை ஏலம் விடுகிற யாருக்கும் இது தெரிந்திருக்காது.

குடும்பப் பெயருக்கும் இதே கணக்குதான். ஒட்டி நிற்கும் மெய்களுக்கு நடுவில் உயிர் நுழையும்: க்ரூஸ், குரூஸ் ஆகும். உதட்டைப் பல்லால் தொட்டுச் சொல்கிற 'ஃப' நமக்குப் பகரம் ஆகும்: ஃபெர்னாந்தோ, பர்னாந்து ஆகும். பெயருக்கு முன்னால் வரும் 'த', 'தெ' ஒட்டிக்கொள்ளும் அல்லது விழும்: 'த அல்மெய்தா' என்பது தல்மேதா, 'த க்ரூஸ்' சில வீடுகளில் டிகுரூஸ், சில வீடுகளில் வெறும் குரூஸ். மொத்தா, மோத்தா, மோத்த என்று மூன்று விதமாக எழுதினாலும் மூலம் ஒன்றே.

கழற்றிய பிறகு பெயர் எந்த வகை என்று பாருங்கள். அப்பா பெயரிலிருந்து வந்தவை ஒரு வகை: வாஸ் என்றால் வாஸ்கோவின் மகன், கோமஸ் என்றால் கோமோவின் மகன். நம் இனிஷியல் மாதிரிதான், அங்கே அது பெயருக்குப் பின்னால் உறைந்துவிட்டது. இரண்டாவது, பொருளும் மரமும் இடமும்: பெரைரா பேரி மரம், ரோச் பாறை, மச்சாது கோடரி, கொரைரா தோல்வார், கோஸ்தா கடற்கரை. மூன்றாவது, பக்திப் பெயர்: குரூஸ் என்றால் சிலுவை. கோஸ்தா என்ற பெயர் கடற்கரைக்காரருக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். போர்ச்சுகலில் எந்தக் கடலையோ பார்த்து யாருக்கோ வைத்த பெயர் அது.

இங்கே இன்னொரு விஷயம். போர்ச்சுகலில் ஃபெர்னாந்தோ என்பது ஆளின் பெயர். ஃபெர்னாந்தெஸ்தான் குடும்பப் பெயர். முத்துக்குளித்துறையில் ஆளின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. அப்பா பெயரைப் பிள்ளை சேர்த்துக்கொள்கிற நம் வழக்கம் இதில் வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கரையில் கேட்கிற எல்லாப் பெயரும் போர்ச்சுகீசியம் ஆகாது. வில்லவராயர், பூபாலராயர் எல்லாம் ஞானஸ்நானத்துக்கு முந்தைய தமிழ்ப் பட்டங்கள். பக்கத்து வீட்டுப் பர்னாந்துவோடு சேர்ந்து இன்றும் இருக்கின்றன. சேவியர், சூசை, லூர்து போன்றவை புனிதர்களை ஒட்டிய பெயர்கள். இனிஷியல் விரிந்து பின்னால் போய் நிற்கும்போது குடும்பப் பெயர் போலத் தெரியும்.

மூன்றாவது, பெயர் வந்த நாளைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் தேடப் போகிறவர்கள் நேராக லிஸ்பனுக்குப் போய் நின்றுவிடுகிறார்கள். இணையத்தில் குடும்ப மரம் போடும் தளங்களில் தங்கள் பெயரைத் தட்டி, ஏதோ ஒரு போர்ச்சுகீசியப் பிரபுவைக் கொள்ளுத்தாத்தாவாகச் சேர்த்துக்கொண்டவரை எனக்குத் தெரியும். பெயர் வந்த விதம் தெரிந்தால் அந்தச் செலவு மிச்சம்.

1530களில் முத்துக்குளிப்பு யார் கையில் என்பதில் பரதவருக்கும், அந்தக் கரையில் வலுவாக இருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் பகை முற்றியிருந்தது. ஒரு பரதவரின் காதைக் கடுக்கனோடு அறுத்தார்கள், அதில்தான் தீ பற்றியது என்பது கடற்கரையில் வழிவழியாகச் சொல்லும் கதை. காரணம் காதோ முத்தோ, பரதவர் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது குமரிமுனைப் பக்கம் குதிரை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர், போர்ச்சுகீசியரிடம் போங்கள், ஞானஸ்நானம் பெற்றால் காப்பாற்றுவார்கள் என்று யோசனை சொன்னார். அவர் பெயர் ஜொவாவ் த க்ரூஸ்.

பெயரைப் பார்த்து அவரை வெள்ளைக்காரர் என்று நினைக்கத் தோன்றும். அவர் கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். சிறு வயதில் அந்த ஊர் அரசர் சாமூதிரி அனுப்பி லிஸ்பன் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று அந்தப் பெயரோடு திரும்பி வந்தவர். நம் கரையில் குரூஸ் என்று பெயர் தாங்கிய முதல் ஆட்களில் ஒருவரே இந்த மண்ணில் பிறந்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள், அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்புறம் கொச்சியிலிருந்து கப்பல்களும் குருக்களும் கரைக்கு வந்தன. 1536, 1537 வாக்கில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. இருபதாயிரம் பேர் என்பது பழைய ஆவணங்களில் வரும் எண்ணிக்கை. கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கிறிஸ்தவப் பெயர் வேண்டும், ஞானப்பெற்றோர் வேண்டும். தமிழ் தெரியாத குரு, போர்ச்சுகீசியம் தெரியாத மக்கள். சாட்சி நிற்கப் படை வீரர்களும் மாலுமிகளும் வணிகர்களும் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர் ஞானத்தகப்பனின் பெயரையே தம் பெயராக ஏற்பது அன்றைய போர்ச்சுகீசிய வழக்கம். கோவாவிலும் இலங்கையிலும் அப்படித்தான் நடந்தது. ஒரே ஆள் ஒரு தெருவுக்கே ஞானத்தகப்பனாக நின்றால் தெரு முழுக்க ஒரே பெயர்தான். பெயர்களின் எண்ணிக்கை குறைவாகவும், ஒவ்வொரு பெயரையும் தாங்குபவர்கள் மிக அதிகமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆக, உங்கள் பெயர் சொல்வது ரத்தத்தை அல்ல. ஒரு நாள் உங்கள் முன்னோர் பக்கத்தில் நின்ற ஆளை. கலப்புத் திருமணங்கள் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயரை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. அதேபோல இரண்டு பர்னாந்துகள் பங்காளிகள் என்றும் சொல்ல முடியாது. பெயர் கோத்திரம் மாதிரி வேலை செய்வதில்லை. பர்னாந்து வீட்டுப் பெண்ணைப் பர்னாந்து வீட்டுப் பையன் கட்டுவது அங்கே சர்வ சாதாரணம். எங்கள் பக்கத்துச் சம்பந்தி ஒருவர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தார்.

பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில்தான் அந்தக் கரைக்கு வந்தார். அதற்குள் பெயர்கள் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தன. ஆகவே "சவேரியார் வைத்த பெயர்" என்று பர்னாந்துகள் சொல்வது பாசத்தில் சொல்வது. அவர் பெயர் வைத்ததை அவரே எழுதியிருக்கிறார், ஆனால் அது முக்குவர் என்ற இன்னொரு மீனவச் சமூகத்தின் கரையில். 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார் என்று 1545 ஜனவரிக் கடிதத்தில் இருக்கிறது. ஆண்கள் சீட்டோடு வீட்டுக்குப் போய் மனைவி மக்களை அனுப்புவார்களாம். சீட்டில் எழுதியது ஆளின் பெயர். குமரிக்கு மேற்கே முக்குவர் ஊர்களில் குடும்பப் பெயரைவிடப் புனிதர் பெயர்களே அதிகம் காதில் விழுவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். மக்களைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பெயர்களும் அப்படியே நின்றன.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏன் இல்லை?

பங்கு அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிற கேள்வி என்பதால் வழியில் நின்று பதில் சொல்லிவிடுகிறேன். எலத்தகிரி, கோவிலூர்ப் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பின்பெயர் கிடையாது. விசுவாசம் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம், அது வந்த பாதை வேறு.

1606-இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குரு ஏற்கெனவே இருந்தார். வியாபாரத்துக்கு வந்த பரதவரையும் போர்ச்சுகீசியரையும் கவனித்துக்கொண்டிருந்தார். ஞானஸ்நானம் கேட்டு வருபவரிடம் "பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா" என்ற பொருளில் கேட்பது வழக்கமாக இருந்தது. உள்நாட்டில் பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்பவன், குளிக்காதவன் என்று அர்த்தம், யார் சம்மதிப்பார்கள்? நொபிலி அந்த வாசகத்தை மாற்றினார், காவி கட்டினார், பெயர்களையும் தமிழாக்கும் வழி பிறந்தது. யோவான் அருளப்பரானார், பேதுரு இராயப்பரானார், பவுல் சின்னப்பரானார். அவர் 1623-இல் மதுரையை விட்டுக் கிளம்பி சேலம், சேந்தமங்கலம் வரை வந்தார். நம் பக்கத்துக்கு வந்த கிறிஸ்தவம் அந்த வழியில் வந்தது. கடற்கரையில் பரங்கிப் பெயர் பாதுகாப்புச் சீட்டு. உள்நாட்டில் அதே பெயர் அவமானம். ஒரே நூற்றாண்டு இடைவெளிக்குள் இரண்டும் நடந்தன.

நான்காவது, பதிவேட்டைத் தேடுங்கள்

இனி நிஜமான வேலை. ஓசூரில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கொரைரா குடும்பம். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பள்ளியில் வம்ச வரைபடம் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா என்னிடம் வந்தார். அவர் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். நீங்களும் அதே வரிசையில் செய்யலாம்.

வீட்டில் இருக்கிற எல்லாத் தாளையும் மேசையில் பரப்பச் சொன்னேன். பள்ளிச் சான்றிதழில் Corera, தாத்தாவின் ஓய்வூதியத் தாளில் Coreira, ரேஷன் அட்டையில் கொரேரா. மூன்றையும் ஒரு நோட்டில் வருடத்தோடு எழுதினோம். மூல எழுத்து Correia என்பதையும் சேர்த்து நான்கு. கணினியில் தேடினாலும் கடிதம் எழுதினாலும் நான்கையும் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு எழுத்தை மட்டும் நம்பினால் முக்கால்வாசிப் பதிவு கண்ணில் படாமல் போகும்.

அடுத்தது ஊர். அப்பாவுக்கு ஊர் வீரபாண்டியன்பட்டினம். நேரே அங்கே எழுதலாம் என்றார். வேண்டாம், முதலில் ஆச்சியிடம் கேளுங்கள் என்றேன். ஸ்பீக்கரில் போட்டார். ஆச்சி சொன்னார்: "எய்யா, நாம இந்த ஊருதான். ஆனா ஒங்க பூட்டன் பொறந்தது இங்க இல்ல. தோணி தொழிலுக்கு வந்து, இங்க பொண்ணு கட்டி, இங்கயே இருந்துட்டாரு." ஒரு போன் அழைப்பில் இரண்டு மாத அலைச்சல் குறைந்தது. பூட்டன் பிறந்த ஊர், ஏழு கடற்றுறைகளில் வேறொன்று. ஊர் விட்டு ஊர் மாறியவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவு பிறந்த ஊரில் இருக்கும், கல்யாணப் பதிவு பெரும்பாலும் பெண் வீட்டு ஊரில் இருக்கும். இரண்டு பங்குக்கும் எழுத வேண்டியிருக்கும்.

கல்யாணப் பதிவைத்தான் முதலில் கேட்டோம். காரணம், அதில் மாப்பிள்ளை எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றார், அப்பா யார் என்று இருக்கும். அந்தப் பிடியோடு ஞானஸ்நானப் பதிவுக்குப் போகலாம். எதிர்ப்பக்கமாகவும் வழி உண்டு. 1908-க்குப் பிறகு ஒருவருக்குக் கல்யாணமானால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பழைய ஏட்டில் அந்த ஓரக் குறிப்பைத் தேடச் சொல்லுங்கள். காணாமல் போன சித்தப்பா எந்த ஊரில் கட்டினார் என்பது அங்கே இருக்கும்.

பங்குத்தந்தைக்கு எழுதும் கடிதத்தில் பெயர், தெரிந்தால் அப்பா அம்மா பெயர், பிறந்த வருடம் உத்தேசமாக, முன்னும் பின்னும் ஐந்து வருடம் பார்க்கும்படி ஒரு வேண்டுகோள் இவை போதும். "எங்கள் குடும்ப வரலாறு முழுவதும் அனுப்புங்கள்" என்று எழுதினால் பதில் வராது. ஏட்டைப் புரட்டுவது பெரும்பாலும் உபதேசியாரோ கணக்கரோதான். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா நாட்களும் தவிர்த்து நேரில் போவது உத்தமம். சான்றிதழ் தரும்போது பெயரை இன்றைய எழுத்துக்குத் திருத்தி எழுதித் தருவார்கள், நல்ல எண்ணத்தில்தான். ஏட்டில் இருக்கிற எழுத்து எப்படியோ அப்படியே வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள்.

ஏடு எந்த மொழியில் இருக்கும்? லத்தீனில் இருக்கலாம், கோவாவின் கீழ் இருந்த கோயில்களில் போர்ச்சுகீசியத்திலும் இருக்கலாம். பயப்பட வேண்டாம், நான்கைந்து சொல் தெரிந்தால் போதும். 'பிலியுஸ்', 'பிலியா' என்றால் மகன், மகள். 'பத்ரினுஸ்', 'மத்ரினா' என்றால் ஞானத்தகப்பன், ஞானத்தாய். போர்ச்சுகீசியத்தில் 'பில்யோ', 'பத்ரின்யோ' என்று வரும்.

எங்கள் கொரைராவுக்குப் பதிவு கிடைத்தது. பூட்டனின் ஞானஸ்நானம், 1890களில். அதில் எழுத்து அச்சு அசலாக மூலப்படி இருந்தது. தப்பெல்லாம் அப்புறம் அலுவலகங்களில் வந்தவை. ஞானத்தகப்பன் இடத்தில் ஒரு பர்னாந்து. பிள்ளைக்கோ கொரைரா, அப்பாவுக்கும் கொரைரா. அதாவது அந்தக் காலத்தில் பெயர் ஞானத்தகப்பனிடமிருந்து வருவது நின்று, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. இதை நீங்களும் உங்கள் பதிவில் பாருங்கள். பிள்ளையின் பின்பெயரும் ஞானத்தகப்பனின் பின்பெயரும் ஒன்றாக இருந்தால் அவசரப்பட்டுப் பழைய வழக்கம் என்று எழுதாதீர்கள். சித்தப்பாவே ஞானத்தகப்பனாக நின்றிருப்பார்.

இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போக முடிந்தது. அதற்கு முந்தைய ஏடு இல்லை. உப்புக்காற்றும் கரையானும் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

எங்கே நிறுத்த வேண்டும்

1536-ஆம் வருடத்து ஏட்டைத் தேடி யாரும் அலைய வேண்டாம். ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நான ஏடு வைக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தின் பொதுச்சங்கம் கட்டளையிட்டதே 1563-இல். நம் கரையில் பெயர் வந்து கால் நூற்றாண்டு கழித்து. முதல் கொரைரா எந்தக் கொரைராவிடமிருந்து பெயர் வாங்கினார் என்பதற்குச் சாட்சி சொல்லும் தாள் அன்றைக்கே எழுதப்படவில்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு அந்தத் தாளைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றால் அவரிடம் எந்தப் பங்கு, எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக, விண்ணப்பம் கொடுக்கும் கவுண்டரில் வருகிற பிரச்சினை. அப்பா அந்தோணி, பிள்ளை ஜெரால்டு, பின்பெயர் பர்னாந்து என்றால் கடற்கரையில் அ. ஜெரால்டு பர்னாந்து என்று எழுதுவார்கள். விண்ணப்பம் போடும் இடத்தில் ஒரு தம்பி பர்னாந்துவை அப்பா பெயர் கட்டத்தில் போட்டுவிட்டார். திருத்த நாலு மாதம் ஆனது. கவுண்டரில் நிற்கும்போதே, பர்னாந்து குடும்பப் பெயர், அப்பா பெயர் அந்தோணி என்று இரண்டையும் தனித்தனியாகத் தாளில் எழுதி நீட்டுங்கள். வாயால் சொன்னால் 'பெர்னாண்டஸ்' ஆகி வெளியே வரும்.

கொரைரா வீட்டுப் பெண் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஆறு தலைமுறைக்குக் கட்டம் போட்டிருந்தாள். அதற்கு மேலே நீளமாகப் புள்ளிக்கோடு, உச்சியில் 1536 என்று ஒரு கட்டம். உள்ளே இரண்டு பேரை வரைந்திருந்தாள். ஒருவர் தலையில் தொப்பி, இன்னொருவர் காதில் கடுக்கன். தொப்பிக்காரருக்குக் கீழே கொரைரா என்று எழுதியிருந்தாள். கடுக்கன் போட்டவருக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. "இவர் பேரு என்ன அங்கிள்?" என்று கேட்டாள். அதை எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் ஒரு தோணி வரைந்தாள்.